மூத்தவளுக்குப் படையல்

1 ஜூன் 2025, ஞாயிறு

நாளை பள்ளி திறக்கிறது. பாப்பா ஆறாம் வகுப்புக்குப் போகிறாள். அரசு சீருடை கைக்கு வர நாளாகும் என்றார்கள். அதற்குள் உடுத்த ஒரு செட் தைத்துவிடலாம் என்று துணி எடுத்து வைத்திருந்தேன். அளவெடுக்கக் கூப்பிட்டபோது, "பழசு இருக்குது, அதை வெச்சி தெச்சிக்கோங்க" என்று அஞ்சாம் வகுப்பு சட்டையைத் தையல் மெஷின் மேல் வைத்துவிட்டுப் போனாள். குரலில் கோபமே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்களிடம் எப்படிப் பேசுவாளோ அப்படி, பணிவாக.

தை மாதம் நான் கல்யாணமாகித் திண்டிவனத்திலிருந்து இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்தப் பணிவுதான். தட்டில் போட்டதைச் சாப்பிடுகிறாள், மறுசோறு கேட்பதில்லை. நான் அடுப்படியை விட்டு வெளியே போனதும் தானே போய் எடுத்துக்கொள்கிறாள். என்னை எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால் நான் திரும்பிப் பார்க்கும்வரை அருகில் வந்து நிற்கிறாள். "அம்மான்னு கூப்பிடுடி" என்று அவர் பக்கத்துப் பெரியவர்கள் கல்யாணத்தன்றே சொல்லிவிட்டுப் போனார்கள். அதைக் கேட்டதும் அவள் முகம் போன போக்கை மேளச் சத்தத்தில் யாரும் கவனிக்கவில்லை.

சட்டையை ஒரு அங்குலம் இறக்கி, தோளில் முக்கால் அங்குலம் விட்டுத் தைத்தேன். அவள் வளர்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிகிறதே.

2 ஜூன், திங்கள்

அவர் கிரஷரில் காலை ஷிப்டு. டிப்பர் வண்டியை விட்டு வர முடியாது என்றதால் சேர்க்கைக்கு நான்தான் கூடப் போனேன். விண்ணப்பத்தில் தாயின் பெயர் என்று ஒரு கட்டம். "உன் பேரை எழுதிடு, பின்னால ஒவ்வொரு எடத்துலயும் விளக்கம் சொல்ல வேணாம்" என்று அவர் நேற்றிரவே சொல்லியிருந்தார். எனக்கு மனம் ஒப்பவில்லை. பிறப்புச் சான்றிதழில் அக்காவின் பெயர் இருக்கிறது. அவளைப் பெற்றவள் அக்கா, அவருடைய மூத்த மனைவி. 2022-இல் காய்ச்சலில் போய்ச் சேர்ந்ததால் அந்தப் பெற்றது இல்லாமல் போய்விடுமா?

அக்காவின் பெயரை எழுதினேன். பாப்பா என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

'உங்களுக்கும் குழந்தைக்கும் உறவு' என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று தலைமையாசிரியரைக் கேட்டேன். மாற்றாந்தாய் என்று எழுதிவிடாதீர்கள், தந்தையின் பெயரை எழுதிக் கையெழுத்தை மட்டும் அப்புறம் வாங்கி வாருங்கள் என்றார். ஆந்திராவிலிருந்து போன ஒரு வழக்கையும் சொன்னார். கணவனை இழந்து மறுமணம் செய்துகொண்ட ஒரு தாய், பிள்ளையின் பதிவுகளில் இரண்டாவது கணவரை மாற்றாந்தந்தை என்று காட்ட வேண்டுமென்று உயர் நீதிமன்றம் சொன்னதை எதிர்த்து மேலே போனாள். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவு கிட்டத்தட்டக் கொடூரமானது, பிள்ளையின் மனநலத்தையும் தன்மதிப்பையும் பாதிக்கும் என்று சொல்லி அதை நீக்கிவிட்டதாம். அந்தப் பிள்ளைக்கும் எங்கள் பிள்ளைக்கும் நிலைமை வேறுதான். ஆனாலும் ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வொரு காகிதத்திலும் அந்த ஒரு சொல்லைச் சுமந்து போவது எந்தப் பிள்ளைக்கும் பாரம்.

8 ஜூன், ஞாயிறு

நேற்றுக் காலை மயிலத்துக்கு ஆயா வீட்டுக்குப் போனவளை இன்று சாயங்காலம் அவள் தாய்மாமன் பைக்கில் கொண்டுவந்து விட்டார். வாசலிலேயே திரும்பிவிட்டார், உள்ளே வரவில்லை. விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பாப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். ஓமத் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். குடித்தாள். அதற்கு மேல் கிட்டே போனால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்கிறாள்.

நாள்காட்டியைப் புரட்டிப் பார்த்தேன். அவளுக்கு வயிறு வலித்த நாட்களில் சின்னதாகப் புள்ளி வைத்திருக்கிறேன். எல்லாப் புள்ளியும் ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்தில். மயிலத்துக்குப் போகும் சனிக்கிழமை ஒன்றில்கூட வலி இல்லை. கிளம்பும்போது துள்ளிக்கொண்டுதான் போகிறாள். இங்கேயே இருந்துவிட்ட வாரங்களில் வலி எட்டிப் பார்ப்பதே இல்லை.

ஆயா வீட்டில் என்ன சாப்பிட்டாளோ என்று அவர் சொல்கிறார். சாப்பாடு காரணமென்றால் அங்கேயே வலிக்காதா?

11 ஜூன், புதன்

கல்யாணத்துக்காக வெள்ளையடித்தபோது கூடத்திலிருந்த அக்காவின் படத்தைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார்கள். புதுப்பெண் வரும் வீட்டில் மூத்தவள் படம் கண்ணுக்கு நேராக இருக்கக் கூடாது என்று யாரோ சொன்னார்களாம். நான் வந்த நாள் முதல் அந்தச் சுவரில் ஆணி மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. இன்று படத்தை இறக்கித் துடைத்து, பொட்டு வைத்து, பூ போட்டு மாட்டினேன்.

பள்ளிவிட்டு வந்தவள் வாசற்படியிலேயே நின்றாள். பையை இறக்கிவைத்துவிட்டு முக்காலி போட்டு ஏறி, படத்தைக் கழற்றி, தன் துணிகளுக்கு அடியில் வைத்துவிட்டாள். "ஏம்மா, அங்கயே இருக்கட்டுமே" என்றேன். "நீங்க மாட்ட வேணாம்" என்றாள். அவ்வளவுதான்.

இந்த வீட்டுக்கு வந்த பின் இப்படி வெட்டிச் சொன்னது இதுதான் முதல் தடவை. படுத்தும் தூக்கம் வரவில்லை, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். படம் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. நான் மாட்டக் கூடாது என்கிறாள்.

16 ஜூன், திங்கள்

நேற்றும் வலி. இன்று பள்ளிக்கு லீவு சொல்லிவிட்டு முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு மூவரும் போனோம். குழந்தைகள் பிரிவில் வயிற்றை அழுத்திப் பார்த்தார்கள், பூச்சி மாத்திரை எப்போது கொடுத்தது என்று கேட்டார்கள், சிறுநீர்ப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். எல்லாம் சரியாக இருந்தது. நாள்காட்டிப் புள்ளிகளைக் காட்டினேன். டாக்டரம்மா கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டு, மனநலப் பிரிவில் ஆலோசகரைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பாப்பாவின் அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. "எம் பொண்ணுக்கு என்னா கொறைச்சல்?" என்று வழியெல்லாம் முணுமுணுத்தார்.

ஆலோசகர் நடுத்தர வயதுப் பெண். முதலில் பாப்பாவைத் தனியே உட்கார வைத்துப் பேசினார். அரை மணி நேரம் கழித்து எங்களைக் கூப்பிட்டார். பிள்ளை என்ன சொன்னாள் என்பதைச் சொல்ல மாட்டேன், ஆனால் வலி பொய்யில்லை, நடிப்பில்லை, உண்மையாகவே வலிக்கிறது என்று முதலில் சொன்னார். அதன்பின் அவர் விளக்கியதை மறக்காமல் எழுதிவைக்கிறேன்.

தாயை இழந்த பிள்ளைக்குப் புதிதாக வந்தவளைப் பிடிக்காமல் போவதால் மட்டும் தொல்லை வருவதில்லை. பிடித்துப்போய்விடுமோ என்ற பயத்தாலும் வரும். இவள் சோறு நன்றாக இருக்கிறது, இவள் தைத்த சட்டை நன்றாக இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றினால்கூட, செத்துப்போன அம்மாவுக்குத் துரோகம் செய்கிறோம் என்று உள்ளுக்குள் குத்துகிறது. அம்மாவின் அம்மா உயிரோடு இருந்து, மகளை நினைத்து அழுதுகொண்டிருந்தால் இந்தக் குத்தல் பல மடங்காகும். ஆயா வீட்டில் இரண்டு நாள் அம்மாவின் பிள்ளையாக இருந்துவிட்டு, திரும்பி வந்து என் கையால் சாப்பிட வேண்டும். அந்த மாறுகிற நேரத்தில்தான் வயிறு வலிக்கிறது. "அவ உங்கள வெறுக்கிறான்னு எடுத்துக்காதீங்க. அவ கட்சி மாறாம இருக்கப் பாக்கறா" என்றார்.

எத்தனை நாளில் சரியாகும் என்று பாப்பாவின் அப்பா கேட்டார். நாளா, என்று சிரித்தார் அந்த அம்மா. அமெரிக்காவில் பேட்ரிசியா பேப்பர்நவ் என்று ஒரு உளவியலாளர் இப்படிச் சேர்ந்த குடும்பங்களைப் பல்லாண்டு பார்த்து எழுதியிருக்கிறாராம். சீக்கிரம் பொருந்திப்போகிற குடும்பத்துக்கே நாலு வருஷம் ஆகும், மற்றவர்களுக்கு இன்னும் கூடும் என்பது அவர் கணக்கு. இவருக்குக் கேட்டதும் திக்கென்றிருந்தது. எனக்கு என்னவோ மூச்சு சீராக வந்தது. ஆறு மாதத்துக்குள் தாயும் மகளுமாகிவிட வேண்டும் என்று என்னை நெருக்கியவர்கள் எத்தனை பேர்!

20 ஜூன், வெள்ளி

ஆலோசகர் சொன்ன இன்னொன்றை முந்தாநாள்தான் வீட்டில் அவரிடம் தனியாக உட்கார்ந்து பேச முடிந்தது. கண்டிப்பது பெற்றவர் வேலை. வந்தவள் கண்டிக்கத் தொடங்கினால், நல்ல நியாயமே ஆனாலும் பிள்ளை காதில் அது ஏறாது. அன்பு ஊறாத இடத்தில் அதிகாரம் நிற்காது. இவர் செய்துவந்தது நேர்மாறு. இரவு வந்ததும், "என்னா பண்ணா இவ? நீ கேக்க மாட்டியா?" என்று என்னிடம் விட்டுவிட்டுப் படுத்துவிடுவார்.

ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். சட்டம் இவர் போடுவது: இரவு ஒன்பதுக்குப் போனை வைக்க வேண்டும், வீட்டுப்பாடம் முடித்துவிட்டுத்தான் விளையாட்டு. அவர் ஷிப்டில் இருக்கும்போது, "அப்பா ஒன்பதுன்னு சொன்னாரு" என்று நான் நினைவுபடுத்துவதோடு சரி. கேட்காவிட்டால் மறுநாள் அவர் பேசுவார். முதல் நாளே ஒன்பதரை வரை போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாட்டுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் அவர் கேட்டார். அழுதாள். ஆனால் அந்தக் கோபம் அப்பாவோடு போயிற்று. அப்பா மகள் கோபம் சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடும்.

25 ஜூன், புதன்

பள்ளி உதவித்தொகைக்குப் பாப்பா பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும். போனால், காப்பாளராக அப்பாதான் வர வேண்டும் என்றார்கள். திண்டிவனம் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருக்கும் என் மாமாவைப் போனில் கேட்டேன். 1956-ஆம் வருஷத்து இந்து இளவர் காப்பாளர் சட்டத்திலேயே, இயற்கைக் காப்பாளர் என்று சொல்கிற இடத்தில் தந்தை, தாய் என்ற சொற்களுக்குள் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்க மாட்டார்கள் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது என்றார். சமைத்துப் போடுகிறேன், துவைத்துப் போடுகிறேன், காய்ச்சலென்றால் விழித்திருக்கிறேன். சட்டத்தின் கண்ணில் அவளுக்கு நான் யாருமில்லை. தெரிந்துகொண்டது நல்லது. இனி இப்படிப்பட்ட வேலைக்கு அவருக்கு விடுப்புக் கிடைக்கும் நாளாகப் பார்க்க வேண்டும்.

5 ஜூலை, சனி

இந்த வாரம் மயிலம் போகவில்லை. அறிவியல் டீச்சர், ஊரில் இருக்கும் ஏதாவதொன்றைப் பார்த்து இரண்டு பக்கம் எழுதிவரச் சொன்னாராம். பாப்பா கல்மரத்தைப் பற்றி எழுதப் போகிறாள். "அளக்கணும், ஸ்கேல் பத்தாது" என்று அப்பாவிடம்தான் சொன்னாள். அவருக்கு மதியம் ஷிப்டு. "டேப் என்கிட்ட இருக்குது" என்றேன், தலையைத் தூக்காமலே. கொஞ்ச நேரம் கழித்து, "வரீங்களா?" என்றாள்.

முகத்தைப் பார்த்துப் பேசுவதைவிட, இரண்டு பேரும் ஒரே வேலையைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் பக்கத்தில் இருப்பது நல்லது என்று ஆலோசகர் சொல்லியிருந்தார். அதைத் தேடிப் போக வேண்டிய வேலையை அந்த டீச்சரே மிச்சப்படுத்திவிட்டார்.

இத்தனை மாதம் இந்த ஊரில் இருந்தும் கல்மரப் பூங்காவுக்குள் நான் போனதில்லை. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வேலி போட்டுப் பாதுகாக்கிறது. செம்மண் மேட்டில், புதருக்கு நடுவே, வெட்டிப் போட்ட மரம்போல அடிமரங்கள் கிடக்கின்றன. தொட்டால்தான் கல் என்று தெரிகிறது. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தையவை. 1781-இல் சொன்னரா என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பற்றி முதலில் எழுதினாராம். பாப்பா பலகையில் இருந்ததையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டாள். புளி, ஆமணக்குக் குடும்பத்து மரங்களும் இவற்றில் உண்டு. எதிலும் கிளை இல்லை, வேர் இல்லை, பட்டை இல்லை. அதனால் இவை இங்கே முளைத்தவை இல்லை, எங்கிருந்தோ வெள்ளம் அடித்துக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை என்கிறார்கள். அப்படிப் புதைந்ததில் மணலுக்குள் ஊறிய நீரின் சிலிக்கா கொஞ்சம் கொஞ்சமாக மரத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆண்டு வளையம்கூட அழியாமல் கல்லில் தெரிகிறது.

பெரியதாக ஒன்றைப் பிடித்து அளந்தோம். டேப் 60 அங்குலம். ஒரு முனையை அவள் பிடிப்பாள், மறுமுனை எட்டிய இடத்தில் நான் விரலை வைப்பேன், அவள் ஓடிவந்து என் விரல் பக்கத்தில் தன் விரலை வைத்ததும் நான் நகர்வேன். எட்டு டேப். நோட்டில் பெருக்கி 480 என்றாள், வகுத்து நாற்பது அடி என்றாள். "எங்க வூட்டுக் கூடம் எவ்ளோ அடி?" என்று கேட்டாள். பதினாலு என்றேன். மூன்று கூடத்துக்குக் கொஞ்சம் குறைவு என்று அவளே கணக்குப் போட்டு எழுதினாள். சின்னத் துண்டு ஒன்று தரையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தவள் காவலாளி சொன்னதும் அதே இடத்தில் வைத்துவிட்டாள்.

திரும்பும்போது, "அம்மா என்னை அந்த வளைஞ்ச மரத்து மேல உக்கார வெச்சி போட்டோ எடுத்துச்சி" என்றாள். முதல் தடவையாக என்னிடம் அம்மா பேச்சு. "உனக்கு அப்ப எத்தனை வயசு?" என்றேன். "யுகேஜி." இன்னும் கேட்க நாக்குத் துடித்தது. அடக்கிக்கொண்டேன். அவளாகச் சொல்கிற அளவு போதும்.

10 ஜூலை, வியாழன்

பௌர்ணமி. நடு இரவு 12 மணிக்குக் கோயிலில் ஜோதி. திண்டிவனம், புதுச்சேரி, விழுப்புரம் எல்லாப் பக்கமிருந்தும் பஸ் பஸ்ஸாகக் கூட்டம். அவருக்கு ராத்திரி ஷிப்டு. பக்கத்து வீட்டாரோடு பாப்பா கிளம்ப, நானும் கூடப் போனேன். செம்பியன் மாதேவி கற்றளியாக்கிய சந்திரமௌலீசுவரர் கோயில்தான் இது என்றாலும், கூட்டம் வருவதெல்லாம் வக்ரகாளிக்காக.

வரிசை நகர நேரமானது. பின்னால் நின்ற ஒரு கிழவி தன் பேரனுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். வக்ராசுரனைப் பெருமாள் அழித்தார். அவன் தங்கை துன்முகியை அம்மன் அழிக்கப் போனாள். அவள் வயிற்றில் பிள்ளை. வயிற்றுப் பிள்ளையைக் கொல்லக் கூடாதென்று அதை எடுத்துத் தன் காதில் குண்டலமாகப் போட்டுக்கொண்டு, அப்புறம்தான் அவளைச் சம்ஹாரம் செய்தாள். அம்மன் காதைப் பாருங்கள், குழந்தை இருக்கும் என்றாள்.

பாப்பா என் பக்கம் திரும்பினாள். "அந்தக் கொழந்தையோட அம்மாவைக் கொன்னதே அம்மன்தான?"

"ஆமா."

"அப்ப அதுக்குக் கோவம் வராதா?"

"வந்திருக்கும்."

"தெரிஞ்சும் காதுல போட்டுக்கிச்சா?"

"தெரிஞ்சுதான் போட்டுக்கிச்சி."

வரிசை நகர்ந்தது. சன்னதியில் தீபம் காட்டும்போது எல்லோரும் முகத்தைப் பார்த்துக் கும்பிட, அவள் எக்கி எக்கி அம்மன் காதையே பார்த்தாள். இந்தக் கதையை ஊரிலுள்ள எல்லோரும் சொல்கிறார்கள். வேறொருத்தி பெற்றதைச் சுமக்கிற பொறுப்பு இந்த ஊர்த் தெய்வத்தின் காதிலேயே தொங்குகிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்குக் கோபம் வருமா என்று கேட்டவள் என் பிள்ளைதான். அந்தக் கேள்வியை நான் விடுவதாயில்லை.

20 ஜூலை, ஞாயிறு

மயிலத்துக்கு நான் தனியாகப் போனேன். அவரிடம் மட்டும் சொல்லிவிட்டு, பாப்பாவைத் தோழி வீட்டில் விட்டுவிட்டு.

ஆயா திண்ணையில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லவில்லை. நானே கீழ்ப்படியில் உட்கார்ந்தேன். ஆடி வெள்ளியில் ஒரு நாள் வீட்டில் பூவாடைக்காரி படையல் போட வேண்டும், முறை உங்களுக்குத்தான் தெரியும், வந்து நடத்திக் கொடுங்கள் என்றேன். எங்கள் பக்கத்து வீடுகளில் சுமங்கலியாகப் போனவளை விட்டுவிட மாட்டார்கள். அவள் வீட்டுத் தெய்வம். கலசம் வைத்து, புதுச்சேலையும் பூவும் வளையலும் வைத்து, அவளுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைப்பார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் முறை கொஞ்சம் மாறும். அக்காவுக்கு இந்த வீட்டில் அது நடக்கவே இல்லை. கல்யாணத்துக்கு முன்னாவது செய்திருக்க வேண்டும், அவசரத்தில் விட்டுவிட்டார்கள்.

"எம் பொண்ணு எடத்துல வந்து உக்காந்துகினு, அவளுக்குப் படைக்க நீ யாரு?" என்றார்.

"அதனாலதான் உங்களைக் கூப்பிட வந்தேன் ஆயா. நான் படைக்க வரல. அவங்க வீட்டுல அவங்க அம்மா படைக்கட்டும்."

உரிப்பதை நிறுத்தவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "படத்தையே தூக்கிப் பரண்ல போட்டீங்களாமே" என்றார். நடந்ததைச் சொன்னேன். நான் மாட்டியதையும் பாப்பா கழற்றியதையும் சொன்னேன். அப்போதுதான் கை நின்றது. பிள்ளைக்கு ஞாயிறு தவறாமல் வயிறு வலிக்கிறது என்பதையும், முண்டியம்பாக்கத்தில் சொன்னதையும் சொன்னேன். இங்கே இருக்கும்போது வலித்ததில்லையே என்றார். "அதான் ஆயா" என்றேன். அந்த அம்மாள் வெகுநேரம் அழுதார். நான் தேற்றவில்லை. மகளைப் பறிகொடுத்தவரைத் தேற்ற எனக்கு என்ன உரிமை இருக்கிறது? தண்ணீர் மட்டும் கொண்டுவந்து கொடுத்தேன்.

கிளம்பும்போது, "மொத வெள்ளி போயிடிச்சி. மூணாவது வெள்ளி வரேன். சேலை நான் எடுத்தாரேன், நீ எடுக்காத" என்றார்.

1 ஆகஸ்ட், வெள்ளி

காலையிலேயே ஆயாவும் மாமனும் வந்துவிட்டார்கள். மாமன் இன்று உள்ளே வந்து உட்கார்ந்தார். அடுப்படி முழுக்க ஆயா கையில். நான் தேங்காய் துருவினேன், இலை கழுவினேன், கேட்டதை எடுத்துக் கொடுத்தேன். "அம்மாவுக்கு என்னா புடிக்கும், சொல்லு" என்று ஆயா பாப்பாவைக் கேட்க, அவள் விரல் மடக்கிச் சொன்னாள்: கேழ்வரகு அடை, பருப்பு வடை, மல்லாட்டைத் துவையல். கடைசியில் தயங்கி, "பன்னீர் சோடா" என்றாள். மாமன் எழுந்து கடைக்குப் போனார்.

படத்தைத் துணிகளுக்கு அடியிலிருந்து அவளே எடுத்துவந்தாள். ஆயா ஆணியில் மாட்டினார். மஞ்சள் தெளித்த சேலையைப் பலகையில் வைத்து, கலசத்துக்குப் பூச்சுற்றி, விளக்கேற்றிக் கற்பூரம் காட்டினார். நான் எல்லோருக்கும் பின்னால் நின்றேன். ஆயா திரும்பிப் பார்த்து, "முன்னால வா, உங்க அக்காவைக் கும்பிடு" என்றார். விழுந்து கும்பிட்டேன். அக்காவிடம் என்ன கேட்டேன் என்பதை எழுத மாட்டேன்.

பந்தியில் பாப்பாவுக்கு ஆயா இலை போட்டுவிட்டு, பரிமாறும் கரண்டியை என் கையில் கொடுத்தார். அவளிடம் கொஞ்சம் அதட்டலாகவே சொன்னார்: "வயித்துக்கு வேணுங்கறத கேட்டு வாங்கித் துன்னு. உங்கம்மா அதுக்கெல்லாம் கோச்சிக்க மாட்டா. நானும் கோச்சிக்க மாட்டன்." பாப்பா தலையைக் குனிந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் வடை இன்னொன்று வேண்டும் என்று இலையைத் தட்டினாள். யாரிடம் என்று சொல்லவில்லை. கரண்டி வைத்திருந்தவள் நான்.

இந்த வார்த்தையை அவள் அப்பா சொல்லியிருக்க முடியாது, ஆலோசகர் சொல்லியிருக்க முடியாது, நான் சொல்லவே முடியாது. அக்காவின் தாய் ஒருத்திக்குத்தான் அதைச் சொல்லும் தகுதி இருந்தது.

5 ஆகஸ்ட், செவ்வாய்

இன்று பெரிய சண்டை. மெஷின் மேல் கிடந்த அவள் ஜியாமெட்ரி பாக்ஸைத் துணி விரிப்பதற்காக அலமாரிக்கு மாற்றியிருந்தேன். "என் பொருள ஏன் எடுக்கறீங்க? எப்பப் பாத்தாலும் எடுக்கறீங்க!" என்று வீடே அதிரக் கத்தினாள். புத்தகத்தை வீசினாள். "துணி வெட்டற எடத்துல வெச்சா நான் எங்க வெட்டறது?" என்று நானும் கேட்டேன். அவர் வெளியே இருந்து ஓடிவந்தார். நான் கை காட்டி நிறுத்தினேன்.

படையல் போட்டு நாலு நாள்தான் ஆகிறது, அதற்குள் இப்படியா என்று அவருக்கு வருத்தம். எனக்கு இல்லை. விருந்தாளியிடம் யாரும் இப்படிக் கத்துவதில்லை. அப்பாவிடம் கத்துகிற அதே குரல் அது. ராத்திரி மெஷின் வலது பக்கம் அவளுக்கென்று ஒரு சின்னப் பலகை அடித்துக் கொடுத்தார். பாக்ஸ் இப்போது அங்கே இருக்கிறது.

10 ஆகஸ்ட், ஞாயிறு

மயிலத்திலிருந்து வந்தாள். கொஞ்சம் வலிக்கிறது என்றாள், ஆனால் படுக்கவில்லை. சாப்பிட்டாள். நாள்காட்டியில் புள்ளி வைத்தேன், போன மாதத்தைவிடச் சின்னதாக. 18-ஆம் தேதி முண்டியம்பாக்கத்தில் காட்ட வேண்டும். ஆயா எனக்கென்று தனிப்பையில் மல்லாட்டை கொடுத்தனுப்பியிருந்தார்.

இரவு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வந்து நின்றாள். நான் திரும்பும்வரை காத்திருக்கவில்லை. வகுப்பில் ஒரு பெண் வயசுக்கு வந்துவிட்டாளாம், ஒரு வாரமாகப் பள்ளிக்கு வரவில்லையாம். "நான் வந்தா யார்கிட்ட சொல்லணும்?"

கையைத் துடைத்துக்கொண்டேன். "யாரு பக்கத்துல இருக்காங்களோ அவங்ககிட்ட சொல்லு. ஸ்கூல்னா டீச்சர்கிட்ட. வீட்டுலன்னா என்கிட்ட. ஆயாவுக்கு அப்பவே போன் பண்ணிடறேன். தண்ணி ஊத்தறது, சீர் எல்லாம் ஆயாவும் மாமாவும் எப்படிச் சொல்றாங்களோ அப்படி."

"அப்பாகிட்ட நீங்க சொல்லக் கூடாது. ஆயா சொல்லட்டும்."

"சரி."

"ஸ்கூலுக்கு ஒரு வாரம் லீவெல்லாம் போட மாட்டேன்."

"போட வேணாம்."

பீரோவைத் திறந்து, நாப்கின் வைத்திருக்கும் தட்டைக் காட்டினேன். "அது எனக்குத் தெரியும்" என்றாள், "எப்பவோ பாத்துட்டேன்."